நீர்க்கட்டியும் கூடுதல் எடையும் உள்ளவர் கருவுற்றால்...

நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்ணுக்குக் கரு உண்டாகும்வரை வீடே கவலைப்படுகிறது. கரு உண்டானதும், 'இனிப் பயமில்லை, நீர்க்கட்டி போய்விட்டது' என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதியில் பாதிதான் நியாயம். கருவுறுவதற்குத் தடையாக இருந்த கோளாறு கருவுற்ற பிறகு மறைந்துவிடுவதில்லை. இன்னொரு வடிவத்தில், இன்னொரு நேரத்தில் தலைகாட்டும். எந்த நேரத்தில், எப்படி என்று தெரிந்திருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

பிசிஓஎஸ் என்று மருத்துவர்கள் எழுதும் இந்தக் கோளாறில், ஸ்கேனில் தெரியும் சிறு சிறு கொப்புளங்கள் ஆபத்தான கட்டிகள் அல்ல. முழுதாக முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகள்தான் அவை. அவற்றை முதிரவிடாமல் செய்வதில் இன்சுலினுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் பெண்களில் பலருக்கு உடல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. காது மந்தமானவரிடம் நாம் குரலை உயர்த்திப் பேசுவதுபோல, கணையமும் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவதும், முகத்தில் முடி வளர்வதும், கழுத்து கறுப்பதும் இதனோடு சேர்ந்து வருபவை. உடல் எடை கூடும்போது இந்தக் கேளாமை இன்னும் அதிகமாகிறது. ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும். பிசிஓஎஸ் இல்லாமல் எடை மட்டும் அதிகமாக உள்ளவர்களும் உண்டு. இரண்டு வழியும் கர்ப்ப காலத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

கர்ப்பம் என்பதே இன்சுலினுக்கு எதிரான காலம். குழந்தைக்குத் தடையில்லாமல் உணவு போய்ச்சேர வேண்டும் என்பதற்காக, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைக் குறைக்கின்றன. ஏறத்தாழ 20 வாரத்துக்குப் பிறகு இது வேகம் பிடிக்கிறது. மற்ற பெண்களின் கணையம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். ஏற்கெனவே முழு மூச்சில் உழைத்துக்கொண்டிருக்கும் கணையத்துக்கு அந்தக் கூடுதல் பலம் இருப்பதில்லை. அப்போதுதான் கர்ப்ப கால சர்க்கரை வருகிறது. ரத்த அழுத்தமும், குறைமாதப் பிரசவமும், ஆரம்ப மாதக் கருச்சிதைவும்கூட இந்தப் பெண்களிடம் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகின்றன. ஆனால் நம் கையில் அதிகம் இருப்பது சர்க்கரைதான் என்பதால், இந்தக் கட்டுரை அதன் பின்னாலேயே போகிறது.

விளக்கத்துக்காக ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். மலர் என்று பெயர் வைப்போம். வயது 29. உயரம் 156 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது பிஎம்ஐ. மலருக்கு அது 30-க்குச் சற்று மேல் வருகிறது. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். வெளிநாடுகளில் 30-ஐ எல்லையாக வைத்திருக்கிறார்கள். குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது, அதனால்தான் இந்த வேறுபாடு.

முதலில் தேதி சரியாக இருக்க வேண்டும்

மலருக்கு ஜனவரி 10-ஆம் தேதி கடைசியாக மாதவிலக்கு வந்தது. மார்ச் 28-ஆம் தேதி மருத்துவமனைக்குப் போகிறாள். தேதியை எண்ணிப் பார்த்தால் 11 வாரம். ஸ்கேன் செய்தால் கரு 7 வார அளவில்தான் இருக்கிறது. 'வளர்ச்சியே இல்லையே' என்று கூட வந்த அம்மா கண்கலங்குகிறார்.

வளர்ச்சி குறையவில்லை. கணக்குத்தான் தவறு. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் முறை, அதற்கு இரண்டு வாரம் கழித்து முட்டை வெளிவந்திருக்கும் என்று நம்பி அமைந்தது. 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு அது பொருந்தும். நீர்க்கட்டி உள்ளவருக்கு முட்டை ஆறு வாரம் கழித்தும் வரலாம், பத்து வாரம் கழித்தும் வரலாம். மலருக்கு ஆறு வாரம் கழித்து வந்திருக்கிறது. ஆகவே கரு 7 வாரத்துக்குரிய அளவில், இதயத் துடிப்போடு, சரியாகவே வளர்ந்துகொண்டிருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் வயதுதான் இவர்களுக்கு நம்பத்தக்கது. பிந்தைய மாதங்களில் குழந்தைக்குக் குழந்தை அளவு மாறுபடும் என்பதால், அப்போது எடுக்கும் ஸ்கேனை வைத்து வயதை உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? மலரின் பிரசவ தேதி பழைய கணக்கில் அக்டோபர் 17, ஸ்கேன் கணக்கில் நவம்பர் 14. நான்கு வார வித்தியாசம். தேதி திருத்தப்படாமல் போனால், 'நாள் தாண்டிவிட்டது' என்று முற்றாத குழந்தையை வெளியே எடுக்க நேரலாம். அதைவிட அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து ஒன்று இருக்கிறது. சர்க்கரைப் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்ய வேண்டும். பழைய கணக்குப்படி ஜூன் 27-ஆம் தேதியே 24 வாரம் ஆகிவிடும். உண்மையில் அன்று 20 வாரம்தான், நஞ்சுக்கொடியின் எதிர்ப்பு அப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கும். அன்று சோதித்தால் சர்க்கரை இயல்பாகவே இருக்கலாம். 'எல்லாம் நார்மல்' என்று அட்டையில் எழுதிவிட்டு, அதன் பிறகு ஏறும் சர்க்கரையை யாருமே பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

ஆகவே உங்கள் அட்டையில் எந்தத் தேதி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்கேன் சொன்ன தேதியா, மாதவிலக்குத் தேதியா என்று செவிலியரிடம் கேட்டு, ஒன்றையே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

75 கிராம் குளுக்கோஸ்

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யப்படும் சர்க்கரைப் பரிசோதனை சென்னையில் உருவானது. நீரிழிவு மருத்துவர் வி.சேஷையா முன்னின்று அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 2007-இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை நடக்க வேண்டும் என்றது. பின்னர் மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் இதே முறை இடம்பெற்றது. அவரது பிறந்த நாளான மார்ச் 10, தேசிய கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

முறை எளிது. வெறும் வயிறாக வர வேண்டியதில்லை. எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வாந்தி வந்தால் தொடரலாம். பரிசோதனையில் அதிகம் கெட்டுப்போவது அந்த இரண்டு மணி நேரம்தான். கூட்டத்தில் இரண்டரை மணி ஆனால் அளவு இறங்கியிருக்கும். நடுவில் காபி குடித்தால் ஏறியிருக்கும். குடித்து முடித்த நேரத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, நேரம் ஆனதும் நீங்களே எழுந்து போய்ச் சொல்லுங்கள்.

இதைவிட விரிவான முறையும் உண்டு. தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் வெறும் வயிற்றில் ஒரு முறை, குளுக்கோஸ் குடித்து ஒரு மணியிலும் இரண்டு மணியிலும் ஒவ்வொரு முறை என மூன்று முறை ரத்தம் எடுக்கிறார்கள். ஒரு முறை எடுப்பதில் தப்பிவிடும் சிலர் இதில் பிடிபடுவார்கள். ஆனால் வெறும் வயிற்றோடு பேருந்து ஏறி வந்து, அரை நாள் காத்திருக்க முடியாமல் திரும்பிப் போகும் கர்ப்பிணிக்கு எந்த முறையாலும் பயனில்லை. நம் ஊருக்கு ஏற்ற எளிய முறையை வைத்ததே சரி என்பது என் கருத்து.

நீர்க்கட்டியோ கூடுதல் எடையோ உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனை இரண்டு முறை தேவை. கரு உறுதியானதும் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்தில் மறுபடியும். முதல் முறை எதற்கென்றால், சிலருக்குக் கருவுறுவதற்கு முன்பே தெரியாமல் சர்க்கரை இருந்திருக்கும். குழந்தையின் இதயமும் தண்டுவடமும் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடுவதால், அந்த நாட்களின் அதிகச் சர்க்கரை பிறவிக் குறைகளுக்கு வழிவகுக்கும். உண்மையில் கருவுறத் திட்டமிடும்போதே இதைச் செய்வது இன்னும் நல்லது. ஃபோலிக் அமில மாத்திரையையும் அப்போதே தொடங்க வேண்டும்.

மலருக்கு முதல் முறை 112. நிம்மதி. 24 வாரம் முடிந்த பிறகு, ஜூலை 27-ஆம் தேதி செய்தபோது 156.

இரண்டு வாரச் சாப்பாடு

156 என்றதும் அன்றே மாத்திரை கொடுத்துவிடுவதில்லை. முதலில் இரண்டு வாரம் உணவு மாற்றம். பிறகு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பார்கள். 120-க்குக் கீழே இருந்தால் அதே உணவைத் தொடரலாம். மேலே போனால் மருந்து. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் வீடுகளில் இரண்டு எதிர்த் திசைக் குரல்கள் கேட்கும். 'ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு' என்று மாமியார் சொல்வார். 'சோறே தொடாதே' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். இரண்டுமே வேண்டாம். முதல் மூன்று மாதம் கூடுதல் உணவே தேவையில்லை. அதன் பிறகு சராசரிப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 350 கலோரிதான் கூடுதல். ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி சுண்டல், ஒரு முட்டை, கிட்டத்தட்ட அவ்வளவுதான். எடை அதிகம் உள்ளவருக்கு அதைவிடக் குறைவாகவே போதும். மறுபக்கம், சோற்றை முழுக்க நிறுத்திவிட்டால் உடல் கொழுப்பைக் கரைத்து உருவாக்கும் கீட்டோன் ரத்தத்தில் கூடும். கர்ப்பத்தில் அது விரும்பத்தக்கதல்ல. பட்டினி கிடந்து எடை குறைக்கும் காலம் இதுவல்ல.

மலர் இரண்டு வாரம் கவனமாகச் சாப்பிட்டாள். சர்க்கரை போடாத காபி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, இரவில் இரண்டு சப்பாத்தி. ஆகஸ்ட் 10-ஆம் தேதி பார்த்தபோது வெறும் வயிற்றில் 88, மதிய உணவுக்குப் பின் 117, இரவு உணவுக்குப் பின் 114. எல்லாம் சரி. காலை உணவுக்குப் பின் மட்டும் 138.

இது மலருக்கு மட்டும் நடப்பதல்ல. விடியற்காலையில் உடல் சுரக்கும் ஹார்மோன்களால் காலை நேரத்தில் இன்சுலின் மிகவும் மந்தமாக வேலை செய்யும். அதே நான்கு இட்லியை மதியம் சாப்பிட்டால் ஏறாத சர்க்கரை, காலையில் சாப்பிட்டால் ஏறும். நம் தமிழ்க் காலைச் சாப்பாடோ முழுக்க மாவுப் பொருள். மலர் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, கூடவே சத்துக்கு என்று கடையில் வாங்கிய மால்ட் பானம் குடித்துவந்தாள். அந்தப் பானப் பொடிகள் பலவற்றில் சர்க்கரை கலந்தே இருக்கிறது. டப்பாவின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்தால் தெரியும்.

மாற்றியது இவ்வளவுதான். நான்கு இட்லி இரண்டாயிற்று. சட்னியோடு பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பாரும், ஒரு வேகவைத்த முட்டையும் சேர்ந்தன. மால்ட் பானம் நின்றது. அதில் குறைந்த பசியை ஆற்ற, பத்தரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். சாப்பிட்டதும் உட்காராமல் வீட்டுக்குள்ளேயே கால் மணி நேர நடை. அடுத்த வாரம் காலை உணவுக்குப் பின் 115. மொத்த உணவு குறையவில்லை, பிரிந்து நின்றது, அதோடு புரதம் கூடியது.

இந்த இடத்தில் சில பொருட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவறு பெரும்பாலும் 'நல்லது' என்று பெயர் வாங்கிய உணவில்தான் நடக்கிறது. கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். தோசையாகவோ அடையாகவோ, காய்கறியோடு சாப்பிடுவது மேல். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் ரத்தத்தில் வெள்ளைச் சர்க்கரை செய்யும் வேலையையே செய்கின்றன. ரத்தம் ஊற என்று தினமும் பத்துப் பேரீச்சம்பழம் தின்பவர்கள் இரும்புச் சத்து மாத்திரையை நம்பலாம். பழத்தைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள். ஒரு நடுத்தரக் கொய்யா போதும். அரிசியை விட முடியாது என்றால் விட வேண்டாம். தட்டில் பாதி காய், கால் பகுதி சோறு, கால் பகுதி பருப்போ மீனோ முட்டையோ என்று வைத்து, காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். வளைகாப்பு விருந்தும் இன்சுலின் மிகவும் தடுமாறும் ஏழாம், ஒன்பதாம் மாதங்களில்தான் வருகிறது. புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஏழு வகைச் சாதத்தையும் ஒரு வாய் ருசி பார்க்கலாம். ஒரு நாள் விருந்தால் குழந்தைக்கு எதுவும் ஆகிவிடாது. அதன் மிச்சத்தை மூன்று நாள் சாப்பிடுவதுதான் பிரச்சினை.

எடை எவ்வளவு கூடலாம்? மேற்கத்திய அளவுகோலில் பிஎம்ஐ 30-ஐத் தாண்டியவர்களுக்கு மொத்தக் கர்ப்பத்திலும் 5 முதல் 9 கிலோ என்றும், 25-க்கும் 30-க்கும் இடையே உள்ளவர்களுக்கு 7 முதல் 11.5 கிலோ என்றும் அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009-இல் வகுத்த கணக்கையே பல மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். மலருக்கு 8 கிலோ கூடியது. மாதம் எவ்வளவு கூடுகிறது என்பதைப் பார்த்துவந்தால் போதும், தினமும் எடை மேடையில் ஏறி மனம் உடைய வேண்டாம்.

உணவு மட்டும் போதாதபோது

33-ஆவது வாரத்தில் மலருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 101, 104, 102 என்று மூன்று நாளும் வந்தது. இரவில் அவள் திருட்டுத்தனமாக எதையும் சாப்பிடவில்லை. இரவு முழுக்க எதுவும் சாப்பிடாமல் இருக்கும்போது ஏறும் சர்க்கரை, ஈரல் தானாக வெளியிடும் சர்க்கரை. அதை அடக்க வேண்டிய இன்சுலினை நஞ்சுக்கொடி தடுக்கிறது. உணவைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. மருத்துவர் இரவில் சிறிய அளவு இன்சுலின் ஊசி எழுதிக்கொடுத்தார்.

இன்சுலின் என்றதும் வீட்டில் துக்கம் நிறைகிறது. 'இனி வாழ்நாள் முழுக்க ஊசிதானா?' என்று கேட்கிறார்கள். இல்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் தடை விலகிவிடும். கர்ப்பத்தில் வந்த சர்க்கரைக்கு எடுத்த ஊசி பெரும்பாலும் பிரசவத்தோடு நின்றுவிடும். ஊசி இன்சுலின் குறிப்பிடும் அளவில் குழந்தைக்குப் போவதும் இல்லை. தாயின் ரத்தச் சர்க்கரையோ நஞ்சுக்கொடி வழியே தடையில்லாமல் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தை தன் கணையத்தில் அதிக இன்சுலின் சுரக்கும். அதனால் தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்ந்து, தலை வெளிவந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிட, குழந்தையின் அதிக இன்சுலின் மட்டும் மிஞ்சிச் சர்க்கரை இறங்கிவிடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதும், குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் இதற்காகத்தான். சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

நீர்க்கட்டிக்காக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டுவந்தவர்கள், கரு உறுதியானதும் என்ன செய்வது என்று குழம்புகிறார்கள். அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும் மருந்து. நார்டிக் நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், பிசிஓஎஸ் உள்ள கர்ப்பிணிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை வருவதை அது தடுக்கவில்லை. பிந்தைய கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் குறையக்கூடும் என்ற சாடை மட்டும் தெரிந்தது. ஆகவே தொடர்வதா நிறுத்துவதா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவோ நீட்டவோ வேண்டாம். ஆனால் எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைடு ஊசியை, கருவுறத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். எடை குறையும்போது முட்டை மறுபடி முதிரத் தொடங்கும். 'எனக்குத்தான் கரு தங்காதே' என்று எண்ணியிருந்தவர்கள் எதிர்பாராமல் கருவுறுவதும் நடக்கிறது.

சர்க்கரைக்கு அடுத்தது ரத்த அழுத்தம். இதில் ஒரு சின்ன விஷயம் பெரும்பாலும் தவறுகிறது. கை பருத்தவருக்குச் சாதாரண பட்டையைச் சுற்றி அளந்தால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டை கேளுங்கள். உங்கள் மருத்துவர் 12 வாரத்துக்குப் பிறகு சிறு அளவு ஆஸ்பிரின் மாத்திரை எழுதினால் பயப்பட வேண்டாம், முன்சூல்வலிப்பு என்ற ஆபத்தான ரத்த அழுத்த நோயைத் தடுக்கத்தான் அது. எல்லோருக்கும் தேவைப்படாது. தலைப்பிரசவம், அதிக எடை போன்ற காரணங்கள் ஒன்றுக்கு மேல் சேரும்போது தருகிறார்கள். விடாத தலைவலி, பார்வை மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

ஸ்கேன் பற்றியும் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்வது நல்லது. வயிற்றுக் கொழுப்பின் ஊடே ஒலி அலை செல்லும்போது படம் மங்கலாகத் தெரியும். ஐந்தாம் மாதம் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனில், 'இதயம் சரியாகத் தெரியவில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்' என்று சொன்னால் குழந்தைக்குக் குறை என்று பொருளில்லை. அதேபோல் டேப்பால் வயிற்றை அளந்து குழந்தையின் வளர்ச்சியைச் சொல்வதும் இவர்களுக்குச் சரிவராது. கடைசி மூன்று மாதங்களில் வளர்ச்சி ஸ்கேன் கூடுதலாகத் தேவைப்படும். செலவும் அலைச்சலும் கூடும் என்பதை முன்பே குடும்பத்தில் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மலருக்கு 39 வாரத்தில், நவம்பர் 7-ஆம் தேதி, வலி வரவழைக்க மருந்து வைத்தார்கள். இன்சுலின் எடுப்பவர்களுக்கு அதற்கு மேல் காத்திருப்பதில் பலன் குறைவு. ஒரு நாள் கழித்தும் கருப்பை வாய் போதிய அளவு திறக்கவில்லை. சிசேரியன் ஆயிற்று. 3.3 கிலோவில் பெண் குழந்தை. எடை கூடியவர்களிடம் வலி மெதுவாகத்தான் முன்னேறும், சிசேரியனும் அதிகம்தான். அதை முயற்சிக் குறைவு என்று எந்தப் பெண்ணும் எடுத்துக்கொள்ளக் கூடாது, யாரும் சொல்லவும் கூடாது. அறுவைக் காயத்தில் சிவப்பும் கசிவும் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ரத்தம் காலில் உறையாமல் இருக்க முதல் நாளிலேயே எழுந்து நடக்க வேண்டும், சிலருக்கு அதற்கென்று ஊசியும் தருவார்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும் வந்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் ஊறுவதும் இரண்டொரு நாள் தாமதமாகலாம். அடிக்கடி குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் வந்துவிடும். அதற்குள் பால் பொடிக்குத் தாவ வேண்டாம்.

கருவுறுவதற்கு முன்பு எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே மாதவிலக்கு சீராகி, முட்டை வெளிவர வாய்ப்பு கூடுகிறது. மலரின் 74 கிலோவில் அது 4 முதல் 7 கிலோதான். அடுத்த குழந்தைக்கு முன் அவள் குறிவைக்க வேண்டியது அந்த அளவைத்தான், திருமணப் புகைப்படத்தில் இருந்த உடம்பை அல்ல. கவனமாக இருந்தும் கரு கலைந்துபோன பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பக் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை கருவின் மரபணுக் கோளாறால் நிகழ்பவை. நீங்கள் சாப்பிட்ட எதனாலும், ஏறிய மாடிப்படியாலும் நேர்ந்தவை அல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிரசவம் முடிந்ததும் எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்கிறார்கள், தாயின் சர்க்கரையை மறந்துவிடுகிறார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதைக் கண்டுபிடிக்க, பிரசவமாகி ஆறு வாரத்தில் அதே 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து மறுபடி பார்க்க வேண்டும், பிறகு ஆண்டுக்கொரு முறை. ஆறாவது வாரத்தில் எப்படியும் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவீர்கள். அன்றே, அதே சுகாதார நிலையத்தில், உங்களுக்கும் பாருங்கள்.